வாடகை தள்ளிப்போகும்போது எதை எழுதுவது, எப்போது எழுதுவது

"சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற தம்பி, மனைவி, ஒரு குழந்தை. நல்ல குடும்பம்தான். மாசம் 9,000, அட்வான்ஸ் 27,000. அக்ரிமென்ட்படி ஒரு மாச வாடகையை அடுத்த மாசம் 5ஆம் தேதிக்குள் தரணும். ஜூலை வாடகை ஆகஸ்ட் 27 அன்றுதான் வந்தது. ஆகஸ்ட் வாடகையில் 4,000 மட்டும் செப்டம்பர் 20 அன்று வந்தது, மீதி வரவில்லை. நான் காட்பாடியில் இருக்கிறேன், நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சண்டை வேண்டாம், பணம் வேண்டும். வாட்ஸ்அப்பில் முதலில் என்ன எழுதணும், அப்புறம் என்ன எழுதணும்?"

அக்கா, நான் வேலூரில் 11 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். தோட்டப்பாளையத்தில் எனக்கும் இரண்டு போர்ஷன் வாடகையில் இருக்கிறது. அதனால் இந்தச் சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

மெசேஜ் எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து தோல் கம்பெனிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பலருக்குச் சம்பளம் 7ஆம் தேதிக்கும் 10ஆம் தேதிக்கும் நடுவில்தான் கைக்கு வருகிறது. உங்கள் அக்ரிமென்ட் 5ஆம் தேதி என்கிறது. அப்படியானால் அந்தத் தம்பி ஒவ்வொரு மாசமும் கையில் பணம் இல்லாத நாளில்தான் உங்களுக்குக் கடன்காரராகிறார். 5ஆம் தேதி தவறிப்போனபின் 12ஆ 20ஆ என்பது அவர் மனசில் ஒன்றாகிவிடுகிறது. சம்பளம் வந்ததும் மளிகைக் கடை, ஸ்கூல் ஃபீஸ், சீட்டு எல்லாம் முந்திக்கொள்கின்றன. முதல் மெசேஜில் பணத்தோடு சேர்த்துத் தேதியையும் பேசுங்கள். சம்பளம் வந்த மறுநாளே வாடகை நாள் என்று மாற்றினால் பாதிப் பேரிடம் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும்.

இன்று செப்டம்பர் 28 என்று வைத்துக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் இப்படி அனுப்புங்கள்:

> வணக்கம் தம்பி. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஆகஸ்ட் வாடகையில 4,000 செப்டம்பர் 20 அன்னிக்கு வந்துச்சு. மீதி 5,000 இருக்கு. உங்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில வருதுன்னு சொல்லுங்க. 5ஆம் தேதி கஷ்டம்னா இனிமே 10ஆம் தேதின்னு வச்சுக்கலாம், எனக்குச் சம்மதம். இந்த 5,000 எந்தத் தேதியில தருவீங்கன்னும் ஒரு வரி போடுங்க தம்பி. - அக்கா

இதில் கோபமோ குறையோ இல்லை. ஆனால் எந்த மாசம், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி என்ற நான்கும் இருக்கின்றன. கடைசி மெசேஜ்வரை இந்த நான்கும் மாறாமல் இருக்கணும். மாறுவது குரல் மட்டும்தான். "தம்பி, கொஞ்சம் வாடகையப் பாருங்க" என்று பொதுவாக எழுதினால் அவரும் "சரிக்கா" என்று பொதுவாகப் பதில் போடுவார், விஷயம் அங்கேயே நின்றுவிடும். தேதியை அவர் வாயிலிருந்தே வாங்குவதற்கும் காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்ன தேதியைவிடத் தான் சொன்ன தேதிக்கு மனுஷன் அதிகம் கட்டுப்படுவான்.

அவர் பத்தாம் தேதிக்கு ஒத்துக்கொண்டால், "சரி தம்பி, செப்டம்பர் மாச வாடகையிலிருந்து தேதி 10. மத்ததெல்லாம் அக்ரிமென்ட்ல இருக்கிற மாதிரியே" என்று உடனே எழுதிவிடுங்கள். எழுதாமல், தாமதமாக வருவதை மாசக்கணக்கில் பேசாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், நாளைக்கு "எப்பவுமே 25ஆம் தேதிக்கு மேலதான் கொடுத்தேன், அவங்களும் ஒண்ணும் சொல்லல" என்று சொல்ல இடம் கிடைக்கும். கோர்ட்டில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். முதல் போர்ஷனை விட்ட புதிதில் ஏழு மாசம் நானும் வாயால்தான் கேட்டேன். படியில் பார்த்தால் கேட்பேன், அவர் தலையாட்டுவார். எதையும் எழுதவில்லை. கடைசியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது, "மூணு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்கறதா நீங்கதானே சொன்னீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை, அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். எழுத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் அந்த மனக்கசப்பு வந்திருக்காது. அதனால்தான் நட்பாக எழுதும் மெசேஜிலும் கணக்கு வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, அக்டோபர் 9 அன்று ஒரு சின்ன வரி போதும்: "தம்பி, நாளைக்கு 10. செப்டம்பர் வாடகை 9,000, ஆகஸ்ட் பாக்கி 5,000. ஞாபகத்துக்காகத்தான்." நாள் தவறியபின் கேட்பதைவிட முந்தின நாள் கேட்பது இரண்டு பேருக்குமே கூச்சம் குறைவு. அவர் இன்னும் தவறு செய்யவில்லை, நீங்களும் குற்றம் சொல்லவில்லை.

பத்தாம் தேதி தாண்டி, 13 அன்றும் வரவில்லை என்றால் இரண்டாம் நிலை. இதில் நலம் விசாரிப்பதைக் குறைத்துவிடுங்கள். அன்பு இருக்கட்டும், ஆனால் முதல் வரியிலேயே பணம் வரட்டும்.

> தம்பி, 10ஆம் தேதி தரவேண்டிய செப்டம்பர் வாடகை 9,000 இன்னும் வரல. ஆகஸ்ட் பாக்கி 5,000 சேர்த்து மொத்தம் 14,000. ஏதாவது சிரமம்னா மறைக்காம சொல்லுங்க, ரெண்டு தவணையா வேணும்னாலும் வாங்கிக்கறேன். ஆனா எந்தத் தேதியில எவ்வளவுன்னு 15ஆம் தேதிக்குள்ள எழுதிடுங்க.

தவணை தருவதாக நீங்களே சொல்வது உங்கள் பலவீனம் ஆகாது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றிருக்கலாம். அது தெரியாமல் கடுமையாக எழுதினால், நல்ல குடித்தனக்காரரை நீங்களே தூரத் தள்ளிவிடுவீர்கள். தேதி இல்லாத அவகாசம் மட்டும் தராதீர்கள்.

இதற்கு வரும் பதில்கள்தான் இந்த விஷயத்தில் கஷ்டமான பகுதி. பெரும்பாலும் மூன்றில் ஒன்று வரும்.

"நாளைக்குப் போட்டுடறேன்கா" என்று வந்தால், "சரி தம்பி, 14ஆம் தேதி 14,000 வரும்னு குறிச்சுக்கறேன்" என்று அவருடைய "நாளை"யைத் தேதியாக மாற்றி எழுதுங்கள். நாளை என்ற சொல் தினமும் நகரும், 14ஆம் தேதி நகராது.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்கக்கா" என்று வந்தால் அன்றைக்கே பதில் போடவேண்டும். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள், எனக்கு நடந்தது அதுதான். "இல்ல தம்பி, அட்வான்ஸ் நீங்க வீடு காலி பண்ணும்போது கணக்கு முடிச்சுத் திருப்பித் தர்றது. மாச வாடகைக்கு அதுல கழிக்க முடியாது" என்று இரண்டே வரி. கரண்ட் பாக்கி, சுவர் உடைப்பு, கடைசி மாச வாடகை என்று எதற்கு வைத்திருக்கிறோமோ அதற்கு அந்த 27,000 முழுசாக இருக்கவேண்டும். மூன்று மாசம் கழித்துவிட்டால் அப்புறம் உங்கள் கையில் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் பணம் மட்டும் வருவது. அக்டோபர் 16 அன்று ஜிபேயில் 5,000 வருகிறது, குறிப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது எந்த மாசத்துக் கணக்கு? இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு முறை சொல்கிறது. பணம் தருகிறவர் இந்தப் பாக்கிக்கு என்று சொல்லித் தந்தால், வாங்கிக்கொள்ளும்போது அதற்குத்தான் வரவு வைக்கவேண்டும். அவர் சொல்லவில்லை, சூழ்நிலையிலும் தெரியவில்லை என்றால், வாங்குகிறவர் தன் விருப்பப்படி பழைய பாக்கிக்கு வைக்கலாம். அதனால் பணம் வந்த பத்து நிமிஷத்தில் இப்படி எழுதுங்கள்:

> 5,000 வந்தது தம்பி, நன்றி. இதை ஆகஸ்ட் பாக்கியில வரவு வச்சுட்டேன். ஆகஸ்ட் முழுசா முடிஞ்சது. இப்ப பாக்கி செப்டம்பர் வாடகை 9,000 மட்டும்.

சின்ன மெசேஜ்தான், ஆனால் கணக்கு சுத்தமாகிவிட்டது. இல்லாவிட்டால் ஆகஸ்டில் கொஞ்சம், செப்டம்பரில் கொஞ்சம் என்று பாக்கி சிதறிக் கிடக்கும். பிற்பாடு எத்தனை மாச வாடகை நிலுவை என்று யாராவது கேட்டால் உங்களுக்கே பதில் சொல்ல வராது. ஏன் மாசக் கணக்கு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அக்டோபர் 22 வரை செப்டம்பர் வாடகை வரவில்லை, தேதியும் சொல்லவில்லை என்றால் மூன்றாம் நிலை. அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பாத்ரூம் குழாய் ஒழுகுது, மோட்டார் ஓடல, மாடித் தளம் மழைக்கு ஊறுது என்று அவர் ஏதாவது சொல்லி நீங்கள் செய்யாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் செய்யவேண்டிய ரிப்பேரைச் செய்யாமல் விட்டால், குடியிருப்பவர் தானே செய்து ஒரு வரம்புக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. நீங்கள் கண்டிப்பாக எழுதியவுடனே முதலில் வெளியே வருவது அந்தக் குழாய்தான்.

மூன்றாம் மெசேஜில் பேச்சு நடையை விட்டு எழுத்து நடைக்கு வாருங்கள். இந்த மாற்றமே அவருக்கு விஷயத்தைப் புரியவைக்கும், மிரட்டல் தேவையில்லை. தம்பி என்ற சொல்லைப் பெயராக மாற்றுங்கள், "அவர்களுக்கு" என்று மரியாதையோடு.

> திரு. ... அவர்களுக்கு, சத்துவாச்சாரி வீட்டு மாடிப் பகுதியின் செப்டம்பர் மாத வாடகை ரூ. 9,000, அக்டோபர் 10ஆம் தேதிக்குள் தரப்பட்டிருக்க வேண்டும். அக்டோபர் 9, 13 ஆகிய தேதிகளில் இதுபற்றி எழுதியிருந்தேன். இன்றுவரை தொகை வரவில்லை. அக்டோபர் 29ஆம் தேதிக்குள் இதைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகை தொடர்ந்து நிலுவையானால் அக்ரிமென்ட்படியும் சட்டப்படியும் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டிவரும். கணக்கில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கணக்கு தவறு என்றால் அவர் சொல்லட்டும். சொல்லவில்லை என்றால், வாய்ப்புக் கொடுத்தும் மறுக்கவில்லை என்பது பதிவாகிறது. வட்டி, அபராதம் என்று எதையும் அக்ரிமென்டில் எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள். கோபத்தில் "தினம் 100 ரூபாய் ஃபைன்" என்று எழுதினால், மொத்தக் கணக்குமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் கை மீறுகிறது. மோட்டார் சுவிட்சை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது, கேட்டுக்குப் பூட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று வாடகைச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது. அந்தச் சட்டப்படி அரசு நியமித்த அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டியிடம் அவர் மனுக் கொடுத்தால், பணம் தராதவர் அவர் என்பது பின்னால் போய், தண்ணீரை நிறுத்தியவர் நீங்கள் என்பது முன்னால் வந்துவிடும். அதேபோல் அவர் கம்பெனிக்குப் போன் பண்ணுவது, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, அவர் வேலைக்குப் போன நேரத்தில் மனைவியிடம் போய் நிற்பது, ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புவது எதுவும் கூடாது. அது ஒரு குடும்பத்தின் மானம். பணம் வந்தாலும் அந்தக் காயம் ஆறாது. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். கோபம் குரலில் தெரியும், தேதியும் தொகையும் அதில் தேடினால் கிடைக்காது.

இனி நவம்பர் 10 தாண்டி அக்டோபர் வாடகையும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 9,000, அக்டோபர் 9,000, மொத்தம் 18,000. இரண்டு முழு மாசம். இங்கே வாட்ஸ்அப்பை நிறுத்திவிட்டுக் காகிதத்துக்கு வரவேண்டும்.

காரணம் இதுதான். நகரப் பகுதிகளில் இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை பாக்கிக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்லி ரென்ட் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால், இரண்டு மாச வாடகை நிலுவை இருக்கவேண்டும். அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது அவருக்குக் கிடைத்து ஒரு மாசம் ஆகியும் முழுசாகத் தராமல் இருக்கவேண்டும். அந்த நோட்டீஸை எப்படிக் கொடுப்பது என்பதற்கு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் இருக்கிற முறையைத்தான் பின்பற்றவேண்டும். எழுத்தில் இருக்கணும், கொடுப்பவரோ அவர் சார்பாக ஒருவரோ கையெழுத்துப் போட்டிருக்கணும். தபாலில் போகலாம், அல்லது அவரிடமோ அவர் வீட்டாரிடமோ நேரில் கொடுக்கலாம். இரண்டும் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். இதுவரை அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் நல்ல சாட்சிதான், ஆனால் அந்த நோட்டீஸின் இடத்தில் அது நிற்காது. "வாட்ஸ்அப்பில் சொல்லி மூணு மாசம் ஆச்சு சார்" என்று எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களிடம், ஒரு மாசக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் வாசகம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. மேலே உங்கள் பெயர், முகவரி, அவர் பெயர், முகவரி, தேதி. அதன்கீழ்:

> பொருள்: வாடகை நிலுவை கோரும் அறிவிப்பு.
> மேற்படி முகவரியில் உள்ள மாடிப் பகுதியில் தாங்கள் மாத வாடகை ரூ. 9,000 என்ற ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறீர்கள். செப்டம்பர் மாத வாடகை ரூ. 9,000, அக்டோபர் மாத வாடகை ரூ. 9,000, ஆக மொத்தம் ரூ. 18,000 இதுநாள்வரை செலுத்தப்படவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நிலுவைத் தொகை முழுவதையும் செலுத்துமாறு இதன்மூலம் கோருகிறேன். தவறினால், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்கீழ் ரென்ட் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்ய நேரிடும்.

கீழே கையெழுத்து. ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அதிலும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, தபால் ஆபீஸில் பதிவு செய்து, ஒப்புகை அட்டை சேர்த்து அனுப்புங்கள். ரசீதையும் திரும்பி வரும் அட்டையையும் அந்த ஜெராக்ஸோடு பின் பண்ணி வையுங்கள். அட்டையில் அவர் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்துதான் ஒரு மாசத்தை எண்ணவேண்டும், நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. நவம்பர் 12 அன்று தபாலில் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப்பும் போடுங்கள்: "தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். பேச விரும்பினால் எப்போதும் பேசலாம்." தபால்காரர் வந்து நிற்கும்போது திடுக்கிட்டு, வாங்காமல் திருப்பி அனுப்புவதை இது பெரும்பாலும் தடுக்கும்.

இந்த நோட்டீஸை நீங்களே எழுதலாம். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இன்னொன்று, உங்கள் அக்ரிமென்டை எடுத்துப் பாருங்கள். 11 மாச ஸ்டாம்ப் பேப்பர் அக்ரிமென்ட் என்றாலும் அது ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவாகியிருக்கவேண்டும், அதற்கு tenancy.tn.gov.in என்ற தளம் இருக்கிறது. பதிவாகவில்லை என்றால் முதல் மெசேஜ் அனுப்புகிற இந்த வாரத்திலேயே, உறவு சுமுகமாக இருக்கும்போதே, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வேலையை முடியுங்கள். 10ஆம் தேதி என்ற மாற்றத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். நோட்டீஸ் போனபிறகு அவர் கையெழுத்துப் போட வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நோட்டீஸ் கிடைத்த ஒரு மாசத்துக்குள் அவர் 18,000ஐ முழுசாகக் கட்டிவிட்டால், அந்தப் பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் அவருக்குத் தரும் சலுகை அது, நியாயமானதும்கூட. ஆனால் ஒரு தடவை அப்படித் தப்பித்தவர், அதற்கப்புறம் ஒரு வருஷத்தில் தொடர்ந்து இரண்டு மாசம் வாடகை தராமல் போனால், அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது. அதனால் பணம் வந்த அன்றே ரசீது கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள். குரல் பழையபடி முதல் மெசேஜுக்குத் திரும்பிவிடலாம், கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்:

> தம்பி, 18,000 இன்னிக்கு வந்தது. செப்டம்பர், அக்டோபர் ரெண்டும் முடிஞ்சது. நவம்பர் 12 நோட்டீஸ்ல கேட்ட தொகை முழுசாக் கிடைச்சுது. ரசீது மாடியில வந்து தர்றேன். நவம்பர் வாடகை டிசம்பர் 10. - அக்கா